பிரேக்கை மிதித்தால் எரியும் விளக்கு

அன்புள்ள ஐயா,

நான் எழுதிய குறும்படத் திரைக்கதையை இணைத்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கம். அப்பாவுக்கு மாரடைப்பு என்று கேள்விப்பட்ட ஒரு பெண், தாம்பரத்திலிருந்து சென்ட்ரல் அருகே இருக்கும் அரசு பொது மருத்துவமனைக்கு இரவில் டாக்சியில் போகிறாள். வழியில் பதற்றத்தில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. டாஷ்போர்டில் இருக்கும் சாமியைக் காட்டி ஓட்டுநர் அவளைத் தேற்றுகிறார். படித்த நண்பர்கள் ‘பக்திப் படம் போல் இருக்கிறது’ என்கிறார்கள். நான் எழுத நினைத்தது அது அல்ல. எங்கே தவறினேன்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

இரண்டு முறை படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஓட்டுநர் பேசத் தொடங்குகிறார், எட்டாம் பக்கத்தில்தான் நிறுத்துகிறார். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. மூச்சு முட்டும் ஒருத்தியிடம் மூன்று நிமிடத்துக்கு மேல் கடவுளின் கருணையைப் பற்றிப் பேசுகிறார். அவள் கைகூப்புகிறாள், உடனே தொலைபேசி ஒலிக்கிறது, அப்பா பிழைத்துவிட்டார். உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். அந்த அழைப்பை எடுத்துவிடுங்கள். அதே சாலையில் அதே வேண்டுதலோடு போய் அப்பாவை இழந்தவர்களும் உங்கள் படத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் முகத்தை நினைத்தால் அந்த அழைப்பை எழுத முடியாது.

இன்னொரு குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘டாஷ்போர்டில் சிறிய பிள்ளையார் சிலை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நீங்கள் அந்தச் சாமியை அருகில் போய்ப் பார்க்கவில்லை. நான் பார்த்திருக்கிறேன், உங்கள் கதாநாயகியைப் போலவே ஓர் இரவில், பின் இருக்கையிலிருந்து. கட்டைவிரல் அளவுப் பித்தளைப் பிள்ளையார், இருபக்கமும் ஒட்டும் பட்டையில் நின்றுகொண்டிருந்தார். காலையில் சாத்திய மல்லிகைச் சரம் ஓரம் பழுத்திருந்தது. பக்கத்தில் பாடிகாட் முனீஸ்வரர் படம். சென்னையில் புது வண்டி வாங்கும் பலர் பல்லவன் சாலையில் இருக்கும் அந்தக் கோயிலில்தான் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுப்பார்கள். பிள்ளையாரைச் சுற்றி நான்கைந்து சிவப்புப் பல்புகள். வண்டி ஓடும்போது அவை எரியவில்லை. நின்றால் எரிந்தன. பின்பக்க பிரேக் விளக்குக்குப் போகும் இணைப்பிலிருந்து ஓர் ஒயரை இழுத்து முன்னால் கொடுத்திருந்தார்கள். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் பிள்ளையார் தெரிவார், காலை எடுத்தால் இருட்டு. லாரிகளிலும் ஆட்டோக்களிலும் இப்படிச் செய்வதுண்டு.

உங்கள் கதை இந்த ஒயரில் இருக்கிறது.

மருத்துவமனைக்கு விரைகிறவளுக்குச் சிவப்பு விளக்கு எதிரி. ஒவ்வொரு சிக்னலிலும் அவள் பதற்றம் ஏற வேண்டும். ஆனால் வண்டி நிற்கும்போதெல்லாம் முன்னால் அந்தச் சிறு வெளிச்சம் வருகிறது. பல்லாவரத்தில் அவள் அதைக் கவனிப்பதில்லை. அடுத்த நிறுத்தத்தில் கண் அங்கே போகிறது. அதற்கடுத்ததில் அதற்காகக் காத்திருக்கிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சிக்னல் அவளுக்கு வேறொன்றாகிவிட்டது. இதற்காக நேரத்தை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் இரவு இரண்டு மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்நேரத்தில் பல சிக்னல்கள் மஞ்சளில் வெறுமனே மினுக்கிக்கொண்டிருக்கும், வண்டி நிற்காது. ஒன்பதரை மணி என்று வையுங்கள்.

கத்திப்பாரா மேம்பாலம்தான் கடினமான இடம். அங்கே சிக்னல் இல்லை, வண்டி ஏறி வளைந்து போய்க்கொண்டே இருக்கும். பிள்ளையார் இருட்டில் மறைந்துவிடுவார். அவளுடைய பயம் உச்சத்துக்குப் போக வேண்டிய இடம் அதுதான். அதை உடலில் காட்டுங்கள். ‘அவள் மனம் கலங்குகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள், கேமராவால் அதை எடுக்க முடியாது. பதற்றத்தில் மூச்சை வேகவேகமாக இழுத்து விடும்போது உடலிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகும், ஊசி குத்துவது போல் இருக்கும், மார்பு இறுகும். தனக்கும் மாரடைப்புதான் என்று அவள் நம்பிவிடுவாள். அப்பாவுக்கு வந்ததே தனக்கும் வந்துவிட்டது என்ற அந்த எண்ணம் உங்கள் கதையில் இல்லை, இருந்தாக வேண்டும். விரல்களை மடக்கி மடக்கி விரிக்கட்டும். கைப்பையின் வாரைப் பிடித்துப் பார்க்கட்டும், பிடி நிற்காமல் வழுக்கட்டும்.

இந்த அலை பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானாக இறங்கும். ஒரு வசனத்தில் இறங்காது. ஆகவே ஓட்டுநர் அவளைக் குணப்படுத்த வேண்டாம். அது இறங்கும் வரை அவளுடைய கண்ணுக்கு ஓரிடம் கிடைத்தால் போதும். கண் ஒன்றில் நிற்கும்போது மூச்சு மெல்ல நீளும். பாலம் இறங்கிய பிறகு வரும் காட்சியை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

உள். டாக்சி. இரவு.

கிண்டியைத் தாண்டி வண்டி நிற்கிறது. சிவப்புப் பல்புகள் எரிகின்றன. முன் கண்ணாடியில் பிள்ளையாரின் பிம்பம், சாலைக்கு மேல் மிதக்கிறது. அவள் அதையே பார்க்கிறாள். வாயால் மூச்சை விடுகிறாள்.

மேலே உள்ள கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன.

ஓட்டுநர்: இரவில் ஓட்ட எனக்குப் பயம் அம்மா. அதற்காகத்தான் இவரை வைத்திருக்கிறேன்.

சிக்னல் பச்சையாகிறது. அவர் உடனே காலை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன். ஒரு நொடி கழித்து எடுக்கிறார். இருட்டு.

மூன்று பக்கத்துக்குப் பதில் இரண்டு வாக்கியம். அறிவுரை சொல்லாமல் அவர் தன் பயத்தைச் சொல்கிறார். அந்தச் சாமி முதலில் அவருக்கானது. இருபது வருடமாக வண்டியை எடுக்கும் முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் அவர்தான், அந்தப் பழக்கத்தை முதல் பக்கத்திலேயே, அவள் ஏறும்போதே, யாரும் பொருட்படுத்தாத செயலாகக் காட்டிவிடுங்கள். அவள் கைகூப்பவும் வேண்டாம், அவள் எந்த மதம் என்று நாம் அறியவும் வேண்டாம். பச்சைக்குப் பிறகும் அவர் காலை எடுக்காத அந்த ஒரு நொடியில், அவள் எதைப் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தேவையான அன்பு முழுவதும் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிண்டிக்குப் பிறகு சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை என்று அண்ணா சாலை முழுக்க நிறுத்தங்கள் வரும். அதை ஒரு பக்கத்தில் முடியுங்கள், விளக்கு வருவதும் போவதுமாக, வசனமே இல்லாமல்.

முடிவு மருத்துவமனை வாசலில். அவள் இறங்குகிறாள், பணம் கொடுக்கிறாள், ஓடுகிறாள். ஓட்டுநர் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வண்டியின் பின்னால் சிவப்பு, உள்ளே பிள்ளையார் தெரிகிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கட்டடத்துக்குள் நுழைந்து மறையும் வரை கால் பிரேக்கிலேயே இருக்கிறது.