ஆண்டு விழா ஒத்திகை அட்டவணை ஏன் தினமும் உடைகிறது?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. 14 நிகழ்ச்சிகள், 150 பிள்ளைகள். அட்டவணை போட்டால் இரண்டே நாளில் குழம்பிவிடுகிறது. நடனத்துக்குக் கூப்பிட்டால் பிள்ளை நாடகத்தில் நிற்கிறாள். பாட ஆசிரியர்கள் வகுப்பிலிருந்து விடுவதில்லை. சவுண்ட், லைட்காரர்கள் கடைசி நாள்தான் வருகிறார்கள். எப்படித்தான் சமாளிப்பது?

பதில்: நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி, எதிரே நேரம் போட்டிருப்பீர்கள். அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். புதிய தாளில் பிள்ளைகளின் பெயர்களைக் கீழ்நோக்கியும் 14 நிகழ்ச்சிகளைக் குறுக்கேயும் எழுதி, யார் எதில் இருக்கிறார்கள் என்று டிக் அடியுங்கள். ஒரே டிக் உள்ள பிள்ளையால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை. இரண்டு டிக் வாங்கியவர்களை மட்டும் தனியே எழுதுங்கள். அட்டவணையை உடைப்பது அந்த இருபது, இருபத்தைந்து பேர்தான்.

அவர்களில் ஒன்பது பேர் குழு நடனத்திலும் நாடகத்திலும், நான்கு பேர் சேர்ந்திசையிலும் மைமிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நடனத்தையும் நாடகத்தையும் ஒரே வேளையில் போடவே கூடாது. நடனமும் சேர்ந்திசையும் ஒரு வேளையில் இரண்டு அறைகளில் நடக்கட்டும். நாடகமும் மைமும் அடுத்த வேளையில். இப்படிப் பிரித்தால் 14 நிகழ்ச்சிகளும் நான்கைந்து கட்டுகளில் அடங்கிவிடும். மூன்று டிக் உள்ள பிள்ளையை ஒன்றிலிருந்து விலக்கிவிடுங்கள்.

பாட ஆசிரியர்களின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எல்லாரும் கடைசி வேளையையே கேட்பதால், தினமும் ஒரே ஆசிரியரின் பாடம்தான் போகிறது. திங்களன்று ஐந்தாம் வேளை, செவ்வாயன்று ஆறாம் வேளை என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். யார் யார் வர வேண்டும் என்ற பட்டியலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். வகுப்பு வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதை எந்த ஆசிரியரும் பொறுக்கமாட்டார்.

வெளியிலிருந்து டான்ஸ் மாஸ்டரை அழைத்திருந்தால் கவனமாக இருங்கள். நடனம், பாட்டு, வாடகை உடை எல்லாவற்றையும் "பேக்கேஜாக" நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். அதே மாதம் வேறு நான்கு பள்ளிகளையும் ஒப்புக்கொண்டிருப்பார். உங்கள் பிள்ளைகள் நான்கு மணிக்குத் தயாராக நிற்பார்கள், அவர் ஐந்தேகாலுக்கு வருவார். வெட்டி ஒட்டிய பாட்டு விழாவுக்கு மூன்று நாள் முன்புதான் கைக்கு வரும். அதற்குள் படித்த ஸ்டெப் எல்லாம் மாறிவிடும். உடை விழா அன்று காலையில் மூட்டையாக வந்து இறங்கும், பாதி அளவு சேராது. நான் போன பள்ளிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: இறுதிப் பாட்டு 15 நாள் முன்பே வர வேண்டும், உடை மூன்று நாள் முன்பே வர வேண்டும், மேடை ஒத்திகை இரண்டு நாளும் அவர் நேரில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் சம்மதித்த பிறகு முன்பணம் கொடுத்தால் போதும்.

அடுத்தது மேடை. ஒரு மாதமாக ஒத்திகை பார் என்கிற நிர்வாகம், அரங்கத்தை மட்டும் விழாவுக்கு முந்தைய மாலையில்தான் திறந்துவிடும். இது எனக்குப் புரிவதே இல்லை. ஒரு நிகழ்ச்சிக்கு 15 நிமிடம் என்றாலே 14 நிகழ்ச்சிக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. இந்தக் கணக்கை எழுதிக் காட்டி இரண்டு நாள் கேளுங்கள். முதல் நாள் சவுண்ட், லைட், திரைக்காரர்களுக்கானது. அன்று முழுப் பாட்டும் வேண்டாம். எந்தப் பக்கம் நுழைவது, எத்தனை மைக், பாட்டு எப்போது தொடங்கும், திரை எப்போது விழும் என்பது மட்டும் போதும். அவர்கள் வர மறுத்தால், அட்வான்ஸ் பேசும்போதே இந்த நாளையும் சேர்த்துப் பேசவில்லை என்று பொருள். இரண்டாம் நாள் உடையோடு, நிறுத்தாமல் முழு ஓட்டம். அதுவரை வகுப்பறையில் ஆடுவார்கள் அல்லவா, மேடையின் அகலத்தை அளந்து தரையில் டேப் ஒட்டி ஆடவிடுங்கள். இல்லாவிட்டால் மேடை ஏறியதும் இடைவெளி தெரியாமல் நடுவில் குவிந்து நிற்பார்கள்.

நடனம் முடித்து நாடகத்துக்கு வரும் அந்த ஒன்பது பேருக்கு வருவோம். நடுவில் ஒரு நிகழ்ச்சி இருந்தால் போதும் என்பார்கள். போதாது. ஊக்கு கழற்ற வேண்டும், தலை அலங்காரம் பிரிக்க வேண்டும், பையைத் தேட வேண்டும். ஒரு பள்ளியில் இரண்டு ஆசிரியைகள் உதவியும் ஒன்பது பேர் மாற 11 நிமிடம் ஆனதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு நிகழ்ச்சியாவது வேண்டும். விருந்தினர் பேச்சை நம்பி இடைவெளி விடாதீர்கள், சிலர் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பரிசளிப்பை நடுவில் வைக்கலாம், எத்தனை பரிசு என்று முன்பே தெரியும். ஆனால் வைப்பதற்கு முன் பரிசுப் பட்டியலையும் இரண்டு டிக் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடை மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயரையே மைக்கில் கூப்பிடுவார்கள்.