வாயால் புகழும் கஸ்டமரிடம் எழுத்தில் வாங்குவது எப்படி?

கேள்வி: வேலை முடிஞ்சதும் கஸ்டமர்மார் நல்லாப் புகழ்றாங்க. ரெண்டு வரி எழுதித் தாங்க எண்டா "பிறகு அனுப்புறன்" எண்டு விட்டுடுறாங்க. எப்பிடிக் கேக்கிறது?

பதில்: பெரும்பாலும் எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போடுகிறார்கள். அந்த யோசனையை நீங்கள் குறைத்துக் கொடுத்தால் எழுதிவிடுவார்கள்.

நான் மட்டக்களப்புப் பக்கம் சிலாப் ஒழுக்கு அடைக்கும் வேலை செய்கிறேன். வேலை முடிந்த அன்று கேட்டால் "நல்ல வேலை, நன்றி" என்பதற்கு மேல் அவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. மார்கழி மழை ரெண்டு நாள் அடித்து ஊற்றிய பிறகு அவர்களே போன் எடுப்பார்கள். அப்போது சொல்வதைக் குறித்துக்கொண்டு, போனை வைத்த கையோடு வட்ஸ்அப்பில் அனுப்புவேன். களுவாஞ்சிக்குடியில் ஒரு டீச்சருக்கு அனுப்பியது இது:

"டீச்சர், நீங்க சொன்னதை மூணு நாலு வரியில எழுதித் தருவீங்களா? புதுசா வேலை கேக்கிற ஆக்களுக்குக் காட்டத்தான். போனில நீங்க சொன்னது: சாமி அறையில வாளி வச்சது, முந்தி தார் பூசியும் நிக்காதது, இப்ப சுவர் காஞ்சு கிடக்கிறது. விருப்பமானதை மட்டும் எழுதுங்க, குறை இருந்தாலும் எழுதுங்க. வொய்ஸ் அனுப்பினாலும் சரி, நான் எழுதி உங்களுக்குக் காட்டிட்டுத்தான் போடுவன்."

அன்று இரவே வந்தது:

"மழை எண்டா எங்கட சாமி அறையில வாளிதான். ரெண்டு தரம் தார் பூசியும் நிக்கயில்லை. இந்த மழைக்குச் சுவர் காஞ்சு கிடக்கு. சொன்னதை விட ரெண்டு நாள் கூட எடுத்தாங்க, ஆனா மேல எல்லாம் கழுவித் தந்துட்டுத்தான் போனாங்க."

அந்த "ரெண்டு நாள் கூட" என்பதை நான் வெட்டவில்லை. புதிதாக வருகிறவர்கள் மற்ற வரிகளை நம்புவதே அதனால்தான்.

குறிப்பாகக் கொடுப்பவை அவர் வாயில் வந்தவையாகவே இருக்க வேண்டும். வேலைக்கு முன் இருந்த கரைச்சல், செய்து பார்த்தும் சரிவராதது, இப்போதைய நிலை, இந்த மூன்றும் போதும். முழுசாக நீங்களே எழுதி "ஓகேயா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஓம் என்பார்கள். அப்படிப் பத்துப் பேரிடம் வாங்கினால் பத்தும் ஒரே ஆள் எழுதினது போல இருக்கும், வாசிக்கிறவருக்கு உடனே பிடிபடும்.

போடுவதற்கு முன் பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். தயங்கினால் "ஆசிரியை, களுவாஞ்சிக்குடி" என்றாலே போதும். வீட்டுப் படத்துக்கும் தனி அனுமதி வேண்டும்.

கூகுளில் ரிவியூவாக வேண்டுமென்றால் அதை எழுதுகிற லிங்கை அனுப்புங்கள், அவர் தன் கணக்கிலிருந்தே போட வேண்டும். அதற்காகக் காசு கழித்துக் கொடுக்காதீர்கள், கூகுள் விதிப்படி அது கூடாது. பதில் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுவேன், அதற்குப் பிறகு விட்டுவிடுவேன்.