அரைமண்டியை எந்தத் தசை தாங்குகிறது?

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 12 வயது, நிறை 40 கிலோ. நான்கு வருடமாகப் பரதம் பழகுகிறாள். அரைமண்டியில் இரண்டு நிமிடம் நின்றாலே தொடை நடுங்குகிறது. இரண்டு மாதமாக முழங்காலின் உட்பக்கம் நோகிறது என்கிறாள். டீச்சர் "இன்னும் இரு, முழங்காலை விரி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதனால் வீட்டில் தினமும் 15 நிமிடம் அரைமண்டியில் நிற்க வைக்கிறேன். பலன் தெரியவில்லை. எந்தத் தசை இதைத் தாங்குகிறது? எதைப் பலப்படுத்த வேண்டும்?

ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த 15 நிமிடத்தை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

அரைமண்டியில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. உடம்பு கீழே விழுந்துவிடாமல் அந்த உயரத்தில் பிடித்து வைப்பது ஒன்று. முழங்கால்கள் முன்னுக்கு வந்துவிடாமல் பக்கவாட்டில் விரித்து வைப்பது இன்னொன்று. முதல் வேலை முன்தொடையுடையது. இரண்டாவது வேலை பிட்டத்துக்குள் ஆழமாக இருக்கும் தசைகளுடையது. டீச்சர் "இரு" என்பது முதலாவதை, "விரி" என்பது இரண்டாவதை. பிள்ளைக்கு இரண்டும் ஒரே கட்டளையாகக் காதில் விழுகிறது. மகளின் தொடை நடுக்கமும் முழங்கால் நோவும் இரண்டு தனித்தனிக் கதைகள் என்றுதான் நினைக்கிறேன்.

முன்தொடையில் நான்கு தசைகள் சேர்ந்த ஒரு கூட்டம் இருக்கிறது, குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். நான்கும் முழங்கால் சிரட்டையில் வந்து சேர்ந்து, அதற்குக் கீழே உள்ள நாணால் கீழ்க்கால் எலும்பை இழுத்துப் பிடிக்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போய்வரும்போது, ஏறுகையில் மூச்சு வாங்கும், இறங்குகையில் முன்தொடை நோகும். இறங்கும்போது உடம்பின் பாரத்தை அதுதான் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. அரைமண்டிக்கு உட்காரும்போதும் அதே வேலை. உட்கார்ந்த பிறகு நீளம் மாறாமல் இறுக்கிப் பிடித்து நிற்க வேண்டும்.

எவ்வளவு பாரம் என்று உங்கள் மகளையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கிலோவில் ஒரு காலுக்கு 20. பாதத்தின் எந்த இடத்தில் பாரம் இறங்குகிறதோ, அங்கிருந்து முழங்கால் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிரட்டை நாண் முழங்கால் மூட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தள்ளி ஓடுகிறது. நெம்புகோல் கணக்குத்தான்: 20ஐ 12ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 60. அதாவது ஒவ்வொரு முன்தொடையும் 60 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் கீழே இருந்தால் முழங்கால் இன்னும் வெளியே போகும், இழுப்பும் கூடும். தட்டடவில் ஒரு காலைத் தூக்கியதும் நிற்கிற கால் அந்த நேரத்துக்கு 120ஐத் தாங்க வேண்டும். துல்லியமான அளவு இல்லை இது, ஆனால் எந்த வரிசைப் பாரம் என்று விளங்கும்.

இப்படி இறுகிய தசை தனக்குள்ளே ஓடும் இரத்தக் குழாய்களையும் நசுக்குகிறது. இரத்தம் சரியாக வராது, கழிவு வெளியேறாது, தொடை எரியும், பிறகு நடுங்கும். தட்டடவு ஆடும்போது பிள்ளை இதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். தூக்கிய கால் ஒரு கணம் இறுக்கம் தளர்ந்து இரத்தத்தை உள்ளே விடுகிறது, அடுத்த கணம் மற்றக் கால். அசையாமல் நிற்க வைத்தால் அந்தக் கணம் கிடைக்காது. அதனால் 15 நிமிட நிற்றல் நடனத்துக்கான பழக்கம் ஆகாது. முதல் ஒரு நிமிடத்துக்குப் பிறகு பிள்ளை தசையால் நிற்பதில்லை, கள்ளத்தனமாக நிற்கப் பழகுகிறாள். அந்தப் பழக்கம் மேடைக்கும் வரும்.

அந்தக் கள்ளம் முதலில் தெரிவது கெண்டைக்காலில். முன்தொடை களைத்ததும் பிள்ளை தன்னை அறியாமல் விரல் பக்கம் சாய்வாள். பாரம் 4 சென்ரிமீற்றர் முன்னுக்குப் போனால் முழங்காலுக்கு 12 இருந்த தூரம் 8 ஆகும், முன்தொடையின் 60 கிலோ 40க்கு இறங்கும். தொடைக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பாரத்தைக் கணுக்காலுக்குப் பின்னால் கெண்டைக்கால் பிடிக்க வேண்டும். அங்கே இழுப்பு கூடிவிடும்.

கெண்டைக்காலில் இரண்டு தசைகள். வெளியே திரண்டு தெரிவது முழங்காலையும் தாண்டி மேலே போய்ப் பிடிக்கிறது. ஆகவே முழங்கால் மடிந்ததும் அது தொய்ந்துவிடும், அரைமண்டியில் அதனால் பெரிய உதவி இல்லை. அதற்கு அடியில் தட்டையாக ஒன்று இருக்கிறது, சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேயே தொடங்குவதால் முழங்கால் மடிந்தாலும் அதற்குக் கவலையில்லை. கீழ்க்கால் எலும்பு முன்னுக்குச் சரிந்துவிடாமல் பிடிப்பது அதுதான். நாள் முழுக்க நம்மை நிற்க வைக்கும் தசை அது. அதன் நார்களில் பெரும்பகுதி மெதுவாக வேலை செய்து மெதுவாகக் களைக்கும் வகை. ஆகவே அரைமண்டியில் தொடைக்கு முந்திக் கெண்டைக்கால் களைக்கிறது என்று பிள்ளை சொன்னால், தசை பலவீனம் என்று எண்ணாதீர்கள். பாரம் விரலில் இருக்கிறது. கால் விரல்கள் நிலத்தைப் பிறாண்டிப் பிடித்திருக்கும், பாருங்கள்.

இனி அந்த முழங்கால் நோ. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான்.

பாதம் வெளியே திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பிட்டத்தின் பெரிய தசைக்கு அடியில் ஆறு சிறு தசைகள் விசிறிபோல் தொடை எலும்பின் மேல்முனையில் வந்து பிடிக்கின்றன. தொடையை வெளிப்பக்கம் சுழற்றி வைப்பது அவைதான், பெரிய தசை துணைக்கு. தொடைச்சந்தை இழுத்து விரிக்கும் பயிற்சி எல்லா வகுப்பிலும் உண்டு. அது இடம் உண்டாக்கும், ஆனால் அந்த இடத்தில் பிடித்து வைக்கும் பலத்தைத் தராது. எவ்வளவு சுழலலாம் என்பதற்கு எலும்பின் வடிவமும் ஓர் எல்லை வைக்கிறது. அந்த எல்லைக்கு மேல் திருப்பச் சொன்னால் பிள்ளை மறுக்காது, வேறு எங்கிருந்தாவது எடுத்துத் தரும். நிமிர்ந்த முழங்கால் பூட்டுப்போல் இருக்கும், சுழலாது. மடிந்த முழங்கால் கொஞ்சம் சுழலும். ஆக அரைமண்டியில்தான் இந்தக் கடன் மிக எளிதாகக் கிடைக்கிறது. பாதத்தை வெளியே நட்டுவிட்டு உட்கார்ந்தால், தொடை உள்ளே நிற்க, கீழ்க்கால் வெளியே முறுகும். உட்பக்க இணைப்பு நார் இழுபடும். அந்த இடம்தான் உங்கள் மகளுக்கு நோகிறது.

என்னிடம் பழகிய ஒரு பிள்ளைக்கு இதே நோ இருந்தது. குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, கீழ்க்காலை நேரே மேலே நிறுத்தினேன். இடுப்பு பாயை விட்டு எழும்பாமல் பாதத்தை மற்றக் காலின் பக்கம் மெல்லச் சரிய விட்டோம். இரண்டு காலும் 40 பாகை அளவில் நின்றுவிட்டன. அரைமண்டியில் இடுப்பு சற்று மடிவதால் இதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், 50 என்று வையுங்கள். ஆனால் அவள் பாதத்தை நட்டிருந்தது 65இல். மிச்சம் 15 பாகை முழங்காலிலிருந்தும் பாதத்திலிருந்தும் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய பாதத்தை நனைத்துச் சீமெந்துத் தரையில் நிற்க வைத்தேன். நேரே நின்றபோது உட்பாதத்தின் வளைவு ஈரம் படாமல் வெள்ளையாக இருந்தது. அப்படியே பாதத்தைத் திருப்பி அரைமண்டியில் இருக்கச் சொன்னேன். எழும்பியபோது அந்த வளைவு முழுவதும் ஈரம். பெருவிரலின் உட்பக்கம் கறுப்பாக அழுந்தியிருந்தது. அவளே குனிந்து பார்த்துவிட்டு "டீச்சர், கால் தட்டையாப் போச்சு" என்றாள். நாரியும் பின்னுக்கு வளைந்திருந்தது. இடுப்பை முன்னுக்குச் சரித்தால் இடுப்பு மூட்டின் முன்பக்க நார் தளர்ந்து இன்னும் கொஞ்சம் விரியும், அதற்காக உடம்பு அப்படிச் செய்கிறது.

பாதத்தை 50 பாகைக்குக் கொண்டுவந்து, இரண்டு அங்குலம் மேலே எழுப்பினோம். பார்ப்பதற்கு முன்பைவிடக் குறைவாகத்தான் இருந்தது, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரத்தில் நோ விட்டது. பிறகு அந்த ஆறு தசைகளுக்கான வேலை: பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடித்து, குதிகால்கள் ஒட்டியிருக்க, இடுப்பு பின்னுக்கு உருளாமல் மேல் முழங்காலை மட்டும் மெல்லத் திறந்து மெல்ல மூடுவது. 12 தடவை, இரண்டு பக்கமும். எட்டு மாதத்தில் 55 வரை வந்தாள். அதற்கு மேல் அவளுடைய எலும்பு விடவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் மகளுக்கும் ஈரப் பாதச் சோதனையை முதலில் செய்யுங்கள். வளைவு சரியாத அளவுக்குப் பாதத்தின் திருப்பத்தைக் குறையுங்கள், முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேரே இருக்கட்டும். அந்த அளவில் 20 வினாடி இருந்து, எழுந்து அதே நேரம் ஓய்வு, ஆறு தடவை. முதுகு வளைந்தால், விரல் பிறாண்டினால், அந்தத் தடவை அங்கேயே முடிந்தது. கிழமைக்கு நான்கு நாள் போதும். அது சுலபமான பின் 30 வினாடி. அப்புறம் ஒரு காலைத் தூக்கித் தட்டும்போது, இடுப்பில் கட்டிய சால்வையின் விளிம்பு ஒரு பக்கம் சரிகிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். சரிந்தால் நிற்கிற காலின் இடுப்புப் பக்கத் தசைக்குப் பலம் காணாது, வேகத்தைக் குறைத்து முதற்காலத்தில் ஆடட்டும்.

நோ சிரட்டைக்குக் கீழே, கையால் தொட்டால் புடைப்பாக இருக்கும் எலும்பில் இருந்தால் அது வேறு விஷயம். வளரும் வயதில் அந்த இடத்தின் எலும்பு இன்னும் முற்றவில்லை, நான் சொன்ன 60 கிலோ இழுப்பு நேரே அங்கேதான் விழுகிறது. அப்படியிருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ, இரவில் நொந்தாலோ பயிற்சியை விட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

டீச்சரிடம் "பிள்ளையால் இருக்க முடியவில்லை" என்று சொல்லாதீர்கள். ஈரத் தடத்தை அவர் முன்னாலேயே வைத்துக் காட்டுங்கள். விரிப்பின் அளவை இரண்டு மாதத்துக்குக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், உயரத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு இரண்டு படங்கள் அனுப்புங்கள், ஒன்று முன்னாலிருந்து, ஒன்று பக்கத்திலிருந்து. முழங்கால் தெரிகிற மாதிரி அரைக்காற்சட்டையோடு, 20 வினாடி முடிகிற நேரத்தில் எடுத்ததாக இருக்கட்டும். உட்கார்ந்த உடனே எடுத்தால் எல்லாப் பிள்ளையும் சரியாகத்தான் தெரியும்.

அன்புடன்,
அக்கா