ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸ் லேபிளில் இருக்கும் எண்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். பையனுக்கு ஐந்து வயது, 15 கிலோ. ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸ் என்றால் உயிர். பாட்டிலில் 330, 331, 414, 445, 211, 110 என்று எண்கள் போட்டிருக்கிறது. இதில் 330தான் எல்லாவற்றையும்விட மோசம், கேன்சர் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

பதில்:

330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. அதனால் கேன்சர் வராது. உங்கள் வரிசையில் நின்று யோசிக்க வேண்டியவை கடைசி இரண்டும்தான்: 211, 110. நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு குளிர்பான ஆலையின் லேபில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை உங்கள் பாட்டிலை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த ஃபார்வர்டு. அது 1970களில் பிரான்சில் தட்டச்சு செய்து கைக்குக் கை சுற்றிய ஒரு துண்டறிக்கையின் பேரப்பிள்ளை. வில்ஜுயிஃப் என்ற ஊரிலுள்ள புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டது என்று போட்டுச் சுற்ற விட்டார்கள். அந்த மருத்துவமனையே எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மறுத்தும் நிற்கவில்லை. அதில்தான் 330 மிக ஆபத்தானது என்று இருந்தது. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கும்போது சிட்ரிக் அமிலத்தை உண்டாக்கிச் செலவழிக்கிறது. அந்தச் சுழற்சிக்கு, கண்டுபிடித்த ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் நண்டு, புற்றுநோய்க்கும் அதே சொல். அந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் பழி வந்திருக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். சிட்ரிக் அமிலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அது பல். ஒரு பாட்டிலை மணிக்கணக்காக வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல்லின் மேல்பூச்சு அரிக்கும். 331 அதன் சோடியம் உப்பு, புளிப்பை ஒரே அளவில் நிறுத்திவைக்க.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 'ஈ' என்ற எழுத்தோடும் இங்கே 'ஐஎன்எஸ்' என்றும் போடுகிறார்கள். பெரும்பாலும் எண் ஒன்றேதான். அது பொருளுக்கு வைத்த அடையாளம், அவ்வளவே. வைட்டமின் சி-க்கும் 300 என்று எண் இருக்கிறது.

414, 445 இரண்டையும் நான் நேரில் பார்த்த விதத்தில் சொன்னால் மறக்காது. ஆரஞ்சு வாசனை தருவது ஆரஞ்சுத் தோலின் எண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, லேசானது, மேலே ஏறிவிடும். கலவை சரியாக அமையாத நாளில் பாட்டிலை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் கழுத்துப் பகுதியில் உள்பக்கமாக ஒரு எண்ணெய் வளையம் ஒட்டியிருக்கும். லேபில் அதை நெக் ரிங் என்போம். டார்ச் அடித்துப் பார்த்து அந்த பேட்ச்சை நிறுத்திவைப்போம். அந்த வளையம் வராமல் இருக்கத்தான் இவை. 414 கருவேல இனத்து மரத்தின் பிசின், எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்துப் பிடித்து வைக்கும். 445 பைன் மரப் பிசினிலிருந்து செய்வது, எண்ணெய்க்குக் கொஞ்சம் எடை கொடுத்து மேலே ஏறாமல் தடுக்கும். இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை.

இனி 211. சோடியம் பென்சோயேட். பூஞ்சையும் ஈஸ்டும் வளராமல் பார்த்துக்கொள்ளும். புளிப்பில்தான் அது வேலை செய்யும், அதனால்தான் 330-ஐயும் 211-ஐயும் எப்போதும் ஜோடியாகப் பார்க்கிறோம். தனியாக இருக்கும்வரை, அனுமதித்த அளவில், பெரும்பாலானவர்களுக்கு இதனால் தொந்தரவு இல்லை. சிக்கல் அது வைட்டமின் சி-யோடு ஒரே பாட்டிலில் இருக்கும்போது. தண்ணீரில் இருக்கும் துளி இரும்பு அல்லது செம்பு, கொஞ்சம் ஆக்சிஜன் இரண்டும் துணை நின்றால், வைட்டமின் சி பென்சோயேட்டை உடைத்து மிகச் சிறிய அளவில் பென்சீனாக மாற்றுகிறது. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். சூடும் வெளிச்சமும் இந்த வேலையை வேகப்படுத்தும்.

இதை வைத்துப் பீதி அடைய வேண்டாம். அமெரிக்க உணவு நிர்வாகம் 2005 முதல் 2007 வரை சுமார் 200 பானங்களைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது குடிநீருக்கு அங்கே வைத்திருக்கும் வரம்பான நூறு கோடியில் 5 பங்குக்குள் இருந்தது. அதைத் தாண்டிய சிலவற்றின் செய்முறையை நிறுவனங்கள் மாற்றின. சர்க்கரை இருந்தால் இந்த மாற்றம் மெதுவாகும். அதனால் டயட் வகைகளில்தான் வாய்ப்பு அதிகம். லேபிளில் 385 என்ற எண் இருந்தால் அது இரும்பையும் செம்பையும் பிடித்துக் கட்டிவிடும், அதுவும் நல்லதே.

நம் மலைக்கு இதில் ஒரு சங்கதி உண்டு. "நம்ம ஊர்தான் குளிர் ஆச்சே, எதுவும் கெடாது" என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பாட்டில் கிரேட் கடைக்கு வருவது கீழே சமவெளியிலிருந்து. ஏப்ரல், மே மாதத்தில் மேட்டுப்பாளையம் கிடங்கில் தகர ஷீட்டின் கீழ் எத்தனை நாள் கிடந்தது, தார்ப்பாய் மூடிய லாரியில் எத்தனை மணி நேரம் வந்தது என்று நமக்குத் தெரியாது. மேலே வந்த பிறகு குளிர்தான், ஆனால் வெயில் உறைக்கும். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் கண்ணாடி பாட்டிலும் டின்னும்தான் கடையில் அதிகம். டின்னுக்குள் வெளிச்சம் போகாது. நிறமில்லாத கண்ணாடிக்குள் தாராளமாகப் போகும். எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு பெட்டிக்கடை, பாட்டில்களைக் கிழக்கே பார்த்து வரிசையாக அடுக்கியிருப்பார் அந்த அண்ணன். ஒருநாள் முன்வரிசைப் பாட்டில் ஒன்றையும் உள்ளே கிரேட்டில் இருந்த அதே பேட்ச் பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெளியில் நின்றது வெளுத்து மஞ்சளாகத் தெரிந்தது. வைட்டமின் சி-யும் வெளிச்சமும் சேர்ந்தால் 110 போன்ற சாயங்கள் வெளுக்கும். பென்சீனை இந்த அளவில் மூக்கோ நாக்கோ கண்டுபிடிக்காது. ஆனால் நிறம் வெளுத்த பாட்டில் வெளிச்சத்தில் நின்ற பாட்டில் என்று கண்ணுக்குத் தெரியும். அதை எடுக்காதீர்கள், உள்ளேயிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த அண்ணன் அன்றே அடுக்கை நிழலுக்கு மாற்றிவிட்டார்.

110 சன்செட் யெல்லோ என்ற செயற்கைச் சாயம். ஆயுள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் பாதுகாப்பு என்று வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம். உங்கள் பையனுக்கு 15 கிலோ, ஆக ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். இந்தியாவில் இப்படிப்பட்ட பானத்தில் செயற்கைச் சாயம் லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் வரை போகலாம். 300 மில்லி பாட்டில் ஒன்றில் அதிகபட்சம் 30 மில்லிகிராம். ஒன்று குடித்தால் பாதி, இரண்டு குடித்தால் வரம்பு முடிந்தது. அதற்குமேல் அன்றே ஜாங்கிரி, கலர் மிட்டாய், கேக்கின் மேல் க்ரீம் எல்லாம் சேர்ந்தால் தாண்டிவிடும். ஒருநாள் தாண்டினால் விஷமாகிவிடாது, அந்த அளவையே நிறைய இடைவெளி விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். நிறுவனங்களும் எப்போதும் உச்ச அளவு போடுவதில்லை. ஆனால் இதே கணக்கு 60 கிலோ அப்பாவுக்கு 240 மில்லிகிராம் என்று வருகிறது. பெரியவருக்கு ஒரு பொருட்டே இல்லாத பாட்டில், சின்னப் பிள்ளைக்குப் பாதி வரம்பு. இதைத்தான் வீட்டில் யாரும் கணக்குப் போடுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சுமார் 300 குழந்தைகளுக்கு, 110, 102, 122 போன்ற சாயங்களை 211-உடன் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடியது, கவனம் சிதறியது. மாற்றம் சிறியது, எல்லாக் குழந்தைகளிடமும் இல்லை. எல்லாம் கலவையாகக் கொடுத்ததால் எந்தப் பொருளால் என்றும் பிரிக்க முடியவில்லை. இருந்தும் 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் இந்தச் சாயங்கள் உள்ள பாட்டிலில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று அச்சிட வேண்டும். இங்கே செயற்கைச் சாயம் இருக்கிறது என்று மட்டும் போட்டால் போதும். உங்கள் பையன் கூல்டிரிங்க்ஸ் குடித்த நாளில் மட்டும் தூங்க மறுக்கிறானா என்று இரண்டு மூன்று வாரம் குறித்துப் பாருங்கள். அப்படித் தெரிந்தால் 160ஏ போட்ட பானத்துக்கு மாறலாம். அது கேரட்டில் இருக்கும் நிறம்.

எண்ணே இல்லாத ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. நூறு மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்று உங்கள் லேபிளில் இருந்தால், 300 மில்லியில் 36 கிராம், ஏழு டீஸ்பூன். 330-ஐத் தேடிப் பயப்படும் நேரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உண்மையில் கூடுதலாகிக்கொண்டிருப்பது அதுதான். என்னைக் கேட்டால் 110-ஐவிடவும் இதைத்தான் முதலில் குறைப்பேன்.

குன்னூர், கொடைக்கானல் கடைகளில் விற்கும் பிளம்ஸ், பேஷன் ஃப்ரூட், லெமன் ஸ்குவாஷ் வாங்கும் பழக்கம் இருந்தால் 223, 224 இருக்கிறதா என்று பாருங்கள். அவை சல்ஃபைட். மூடியைத் திறந்ததும் தீக்குச்சி கொளுத்தியது போல மூக்கில் ஏறுமே, அது அதன் வாசனைதான். பையனுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ வீசிங் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள், சிலருக்கு இழுப்பை உடனே கிளப்பிவிடும். டயட் பானங்களில் வரும் 951 அஸ்பார்டேம், பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. அதை லேபிளிலேயே எழுதியிருப்பார்கள்.

உங்கள் பட்டியலில் 300 இல்லை. ஆனால் பழச்சாறு சேர்த்திருந்தால் வைட்டமின் சி அதிலேயே வந்துவிடும், தனி எண் இருக்காது. பாட்டிலில் ஆரஞ்சு சாறு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். சாறு இருந்து 211-உம் இருந்தால் டின்னில் வருவதை, தயாரித்த தேதி புதிதாகப் பார்த்து, வாரத்துக்கு ஒன்று என்று கொடுங்கள்.