6, 4, 5 வச்சு சைனீஸ் ரிமைண்டர் போட்டா நடுவுல மாட்டிக்குது

“பாசிமணிய ஆறாறா எண்ணினா 3 மிச்சம், நாலு நாலா எண்ணினா 1, அஞ்சஞ்சா எண்ணினா 2. மொத்தம் 100க்குள்ள. ஃபார்முலால M = 120 போட்டேன், 20க்கு mod 6ல இன்வர்ஸே வரல, எங்க தப்பு?”

கணக்குல தப்பில்லங்க, அந்த ஃபார்முலா இங்க செல்லாது, அவ்ளோதான். எந்த ரெண்டு வகுக்குற எண்ணுக்கும் 1ஐ தவிர பொது வகுத்தி இருக்கக்கூடாதுங்கறதுதான் அதோட கண்டிஷன், உங்க 6க்கும் 4க்கும் 2 பொதுவா இருக்கு, 20ம் 6ம் ரெட்டைப்படை, அப்புறம் எப்படி இன்வர்ஸ் வரும்.

ஆனா விடை இல்லன்னு அர்த்தமில்ல. ஆறுல 3 மிச்சம்னா எண் ஒற்றைப்படை, நாலுல 1 மிச்சம்னாலும் ஒற்றைப்படைதான், ரெண்டும் ஒத்துப்போகுது. (நாலுல 2 மிச்சம்னு இருந்திருந்தா ஒண்ணு ஒற்றை, ஒண்ணு ரெட்டைன்னு முட்டிக்கும், விடையே கிடையாது.)

இப்ப ஃபார்முலாவ விட்டுட்டு ரெண்டு ரெண்டா சேருங்க. ஆறுல 3 மிச்சம் வர்றது 3, 9, 15... இதுல நாலால வகுத்தா 1 வர்ற முதல் எண் 9. 6, 4க்கு மீ.சி.ம 12, அதனால `x ≡ 9 (mod 12)`. அப்புறம் 12 12ஆ ஏறுங்க: 9, 21, 33, 45, 57, இதுல அஞ்சுல 2 மிச்சம் வர்றது 57 மட்டும்தான்.

அடுத்த விடை 60 தள்ளி 117, 120 தள்ளி இல்ல, ஏன்னா மூணுக்கும் மீ.சி.ம 60. அதனால 100க்குள்ள 57 ஒண்ணுதான்.