ஊர் மாறினால் மெடிக்கல் கார்டையும் மாற்ற வேண்டுமா?

"ஐயா, வேலை மாறி பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்து ஒரு மாதம் ஆகிறது, செந்தூலில் வாடகை வீடு. ஏழு வருடமாக மாதம் 180 வெள்ளி மெடிக்கல் கார்டுக்குக் கட்டுகிறேன். இரண்டு வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. புதிதாக ஏஜெண்ட் ஆகியிருக்கும் மச்சான், அதை நிறுத்திவிட்டு முதலீட்டோடு சேர்ந்த புது பாலிசியை மாதம் 300 வெள்ளிக்கு எடு, பழைய கார்டு இங்கே செல்லாது என்கிறார். மறுத்தால் வீட்டில் சங்கடம்."

கார்டு இங்கேயும் செல்லும். காப்புறுதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பேனல் மருத்துவமனைகளின் பட்டியல் ஊருக்கு ஒன்று கிடையாது. கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, செந்தூலுக்கு அருகில் எவை பேனலில் இருக்கின்றன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பேனலில் இல்லாத இடத்தில் சேர்ந்தால் முதலில் சொந்தக் காசைக் கட்டி, பிறகுதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

பயப்பட வேண்டியது கார்டை நிறுத்துவதற்குத்தான். புது பாலிசி எடுத்தால், காப்புறுதிப் பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும்: பொதுவாக நோய்களுக்கு 30 நாள், இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் மாத்திரை. பழைய பாலிசி எடுத்து ஐந்து வருடம் கழித்து வந்த நோய் இது, அங்கே அது பிரச்சினை இல்லை. புதியதில் அது ஏற்கெனவே இருக்கும் நோய். சொன்னால் கம்பெனி அதை விலக்கி வைக்கலாம், இல்லையென்றால் கட்டணத்தை ஏற்றலாம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என்னிடம் வந்த ஒருவர் விஷயத்தில் பார்த்தேன். பாலிசி எடுத்து எட்டு மாதம், நெஞ்சுவலி. அட்மிஷன் கவுண்டரில் காப்புறுதி நிறுவனத்தின் ஜி.எல்., அதாவது உத்தரவாதக் கடிதம், வரவே இல்லை. பழைய கிளினிக் பதிவுகளைக் கொடு என்று கேட்டார்கள். மனைவி நகையை அடகு வைத்துத்தான் முன்பணம் கட்டினார்.

கணக்கும் பாருங்கள். மாதம் 120 வெள்ளி கூடுதல், வருடத்துக்கு 1,440. முதலீடு என்று சொல்லப்படும் இந்த வகையில் ஆரம்ப வருடங்களில் நல்ல பங்கு கமிஷனுக்கும் கட்டணங்களுக்கும் போய்விடும், வயது ஏற ஏற காப்புறுதிச் செலவை உங்கள் முதலீட்டுப் பங்கான யூனிட்டிலிருந்தே கழிப்பார்கள். யூனிட் தீர்ந்தால் இன்னும் கட்டச் சொல்வார்கள். சேமிக்க வேண்டும் என்றால் தனியாகச் சேமியுங்கள்.

மச்சானிடம் சண்டை வேண்டாம். "என் இரத்த அழுத்தத்தைப் படிவத்தில் எழுதி, கம்பெனியின் முடிவை எழுத்தில் வாங்கிக் கொடுங்கள், அதுவரை பழையதை நிறுத்த மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். புது வேலையில் கம்பெனி கார்டு கொடுத்தாலும் இதைக் கைவிடாதீர்கள், வேலையை விட்டால் அது போய்விடும்.

அப்புறம், சம்பளம் வேறு வங்கிக்கு மாறியிருந்தால் 180 வெள்ளி இன்னும் பழைய கணக்கிலிருந்துதான் கழிகிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கட்டாமல் விட்டு பாலிசி காலாவதியானால், மீண்டும் உயிர்ப்பிக்கும்போது அந்தக் காத்திருப்புக் காலமும் உடல்நலக் கேள்விகளும் திரும்ப வரும்.