"valai" வந்திருக்கிறது என்றால் என்ன வந்திருக்கிறது?

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்ச் சொல்லுக்குச் சரியான பொருளை எப்படிப் பிடிப்பது என்று நம் வடசென்னை நண்பர்கள் கேட்டவை இவை. ராயபுரத்தில் அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

செல்வி, காசிமேடு: கல்யாணமாகி சேலத்துல இருந்து இங்க வந்தேன். வீட்டுக்காரர் மீன் கணக்கு பாக்குறாரு. அவர் போன்ல "valai 3 petti vandhuruku"னு மெசேஜ். வலைனு நினைச்சேன், சிரிக்கிறாரு. போன்ல தட்டினாலும் வலைனுதான் வருது!

போன் முதலில் காட்டுவது அதிகம் பேர் எழுதும் சொல்லைத்தான் அம்மா. உங்களுக்கு வேண்டிய சொல் எது என்று அதற்குத் தெரியாது. அதனால் போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள்.

v என்றால் வ, அதில் குழப்பமில்லை. அடுத்த a குறிலாகவும் இருக்கலாம், நெடிலாகவும் இருக்கலாம். ஏனென்றால் அவசரத்தில் யாரும் aa போடுவதில்லை. l என்பது ல, ள, ழ மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கடைசி ai, ஐ. ஆக இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு: வலை, வளை, வழை, வாலை, வாளை, வாழை. வேடிக்கை என்னவென்றால் ஆறுமே அகராதியில் இருக்கிற சொற்கள்.

இனி ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். வழை என்பது சுரபுன்னை மரம், சங்கப் பாட்டில்தான் பார்க்கலாம். வாலைக்கு இளம்பெண், காய்ச்சி வடிக்கிற பாத்திரம் என்றெல்லாம் பொருள் உண்டு, ஆனால் மீன் கணக்கில் வராது. வளை, வளையலோ நண்டு வளையோ, பெட்டியில் வராது. வாழையைத் தாரிலும் சீப்பிலும் எண்ணுவார்கள். மிச்சம் வலையும் வாளையும்தான். பக்கத்துச் சொல் "petti". மீனைத்தான் பெட்டிக் கணக்கில் சொல்வார்கள். ஆகவே வாளை.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய பாடல்களில் வயலிலும் குளத்திலும் துள்ளுகிற வாளை நன்னீர் மீன். உங்கள் வீட்டுக்காரர் கணக்கில் வருவது கடல் மீன், வெள்ளி நாடா மாதிரி நீளமாக இருக்குமே, அது. எழுத்தைச் சரியாகப் பிடித்த பிறகும் பொருளை ஊரில் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அன்வர், பெரம்பூர்: இவ்ளோ கஷ்டம் எதுக்கு சார்? zh போட்டா ழ, பெரிய L போட்டா ள, சின்ன l போட்டா ல. முடிஞ்சுது.

பாதி சரி தம்பி. அது தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் இருக்கிற பழக்கம். அதில் பழகியவர்கள் வாட்ஸாப்பிலும் அப்படியே எழுதுவார்கள், அவர்களைப் படிப்பது சுகம். மற்றவர்களிடம் பெரிய L-ஐ நம்ப முடியாது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் போனே பெரிதாக்கிவிடும். zh இருந்தால் அது ழ, இதை ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆனால் l இருப்பதால் ழ இல்லை என்று சொல்ல முடியாது. Tamil என்று எழுதும்போதே ழ l ஆகிவிடுகிறதே!

பெயர் வேண்டாம், வியாசர்பாடி: பாட்டி சொன்னதை தம்பி அப்படியே டைப் பண்ணி அனுப்பினான்: "varra vazhila payam vaanginu va". பயத்தை எப்படிண்ணே வாங்குறது?

நம் பக்கத்துப் பேச்சில் ழ பல சமயம் ய ஆகிவிடும். வாழைப்பழம் வாயப்பயம். உங்கள் தம்பி காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். ஆனால் அதே வரியில் "vazhila" என்று zh போட்டிருக்கிறான் பாருங்கள், அது பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து. ஒரே ஆள் ஒரே வரியில் இரண்டு விதமாக எழுதுவது சகஜம்தான்.

எனவே மெசேஜில் "vaanginu" மாதிரி மெட்ராஸ் பேச்சு தெரிந்தால், y வரும் இடத்தில் ழ-வையும் போட்டுப் பாருங்கள். இன்னொரு துப்பு முதல் எழுத்து. அச்சத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் "bayam" என்று b போடுவார்கள், ஏனென்றால் வாயில் அப்படித்தான் வருகிறது. சொல்லின் தொடக்கத்தில் b, g, j வந்தால் அது வெளியிலிருந்து வந்த சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். "galeej", "bejaar" எல்லாம் அந்த வகை. தமிழில் தேடும்போது கலீஜ், பேஜார் என்று க, ப வரிசையில் பாருங்கள்.

கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை: சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இணையத்துல இருக்குல்ல, அதுல "thazhai"னு தேடினா ஒண்ணும் வரல. தழை கூடவா இல்ல?

இருக்கிறதம்மா. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது, தழையை விட்டிருக்குமா? அதன் ரோமன் எழுத்து முறை வேறு, அவ்வளவுதான். அதில் த என்பது வெறும் t, ட என்பது கீழே புள்ளி வைத்த ṭ. ழ கீழே கோடு போட்ட ḻ, ள கீழே புள்ளி போட்ட ḷ. ச எப்போதும் c, அதனால் சோறு "cōṟu". க எங்கே வந்தாலும் k, மகன் "makaṉ". g, d, b என்று காதுக்குக் கேட்கிறபடி அதில் இருக்காது. நாம் தட்டும் "thazhai" அங்கே "taḻai".

ரோமனில் மல்லுக்கட்டாமல் நான் சொன்ன தாள் வேலையை முடித்துவிட்டு, கிடைத்த சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். அப்புறம், விகுதியைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும். "vaanginu" அகராதியில் கிடைக்காது, வாங்கு கிடைக்கும். "naai vaalai aattudhu" என்று வந்தால் அந்த வாலை தனிச்சொல் இல்லை, வால் என்பதோடு ஐ சேர்ந்தது. இன்றைய வழக்குப் பொருள் வேண்டுமென்றால் க்ரியா அகராதியைத் திறப்பது மேல்.

ஓய்வுபெற்றவர், திருவொற்றியூர்: என் பெயர் ரேஷன் கார்டில் th, வங்கிக் கணக்கில் வெறும் t. எது சரியான ஸ்பெல்லிங் என்று ஒரே முடிவாகச் சொல்லுங்கள்.

ஐயா, நாம் பேசுவது ஸ்பெல்லிங்கைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிப்பது பற்றி. உங்களுக்குச் சொல் தெரியும், ஸ்பெல்லிங்தான் தகராறு. அதற்கு அகராதியில் விடை இல்லை, இரண்டு ஆவணத்தையும் ஒன்றாக்குவதுதான் வழி. ஒரே முடிவு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அரசே சாட்சி. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டார்கள். Tondiarpet, Thandaiyaarpettai ஆனது. கிண்டலும் குழப்பமும் கிளம்பி, அதே மாதத்தில் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பிரியாணிக் கடை, புளியந்தோப்பு: மாஸ்டர் அனுப்பினாரு: "kari kammi, seekiram anuppunga". தம் போட கரி வேணும், உள்ள போட கறியும் வேணும். எதை அனுப்ப?

இது என்னாலும் முடியாது. r என்பது ர, ற இரண்டும். இடம் ஒன்று, இரண்டு பொருளும் அங்கே தினம் தீர்கிறவை. அளவு போட்டிருந்தாலாவது ஊகிக்கலாம். மாஸ்டரின் பழைய மெசேஜ்களை மேலே தள்ளிப் பாருங்கள். இறைச்சியை அவர் வழக்கமாக mutton என்று எழுதுகிறவர் என்றால் இது கரியாக இருக்கலாம். அங்கேயும் kari என்றே இரண்டுக்கும் எழுதியிருந்தால், அடுப்பு அணைவதற்குள் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.